சுத்தமாக மறந்துவிட்டான்

"கண்ணன் வீட்டுப்பாடத்தைச் சுத்தமாக மறந்துவிட்டான்." ஏழாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுத் தாளில் வந்த வாக்கியம் இது. "சுத்தமாக" என்ற சொல்லின் கீழே கோடு. விதம், இடம், காலம், அளவு என்ற நான்கில் இது எவ்வகை வினையடை என்பது கேள்வி. மாலையில் என்னிடம் தமிழ் படிக்க வரும் எதிர்வீட்டுப் பெண் "அளவு" என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் "விதம்" என்று திருத்தியிருந்தார்கள். தாளை என் முன்னால் வைத்துவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அத்தை, மறப்பதில் சுத்தம் என்ன, அழுக்கு என்ன?" அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றும், அவளுடைய விடையே சரியான விடை என்றும் அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியது போதாது. ஏன் சரி என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் போய்த்தான் இந்த நான்கு பெட்டிகளைப் பற்றி நீண்ட நாள் யோசிக்க வேண்டியதாயிற்று.

திருத்தியவர் ஏன் "விதம்" என்று எழுதினார் என்பது புரியாத விஷயம் இல்லை. பள்ளியில் நாம் எல்லோரும் வினையடையை வாலைப் பார்த்து அடையாளம் காணத்தான் கற்றுக்கொள்கிறோம். "ஆக" என்று முடிந்தால் விதம். வேகமாக, மெதுவாக, அழகாக, கவனமாக. "ஏ" என்று முடிந்து அங்கே, மேலே, வெளியே என்று வந்தால் இடம். நேற்று, இன்று, நாளை, இப்போது என்றால் காலம். மிக, மிகவும், சற்று, முற்றிலும் என்றால் அளவு. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளைக்குப் பெரும்பாலான கேள்விகளில் மதிப்பெண் கிடைத்துவிடும். பட்டியலில் இல்லாத சொல் வந்தால் கேள்வி கேட்டுப் பார்க்கச் சொல்வோம். எப்படி என்றால் விதம், எங்கே என்றால் இடம், எப்போது என்றால் காலம், எவ்வளவு என்றால் அளவு. "எப்படி மறந்தான்? சுத்தமாக மறந்தான்." வாயால் சொல்லிப் பார்த்தால் பொருந்துவது போலத்தான் இருக்கிறது. வால் சோதனையும் கேள்விச் சோதனையும் ஒரே விடையைச் சொன்னால் திருத்துகிறவர் அதற்கு மேல் நின்று யோசிக்க மாட்டார்.

இந்த இரண்டு சோதனைகளும் சொல்லைப் பார்க்கின்றன. சொல் செய்யும் வேலையைப் பார்ப்பதில்லை. "எப்படி" என்பது தமிழில் மிகவும் இளகிய கேள்வி. "எப்படி இருக்கிறாய்?" என்று நலம் விசாரிக்கவும் அதுதான், "எப்படி வந்தாய்?" என்று வாகனத்தைக் கேட்கவும் அதுதான். "பஸ்ஸில் வந்தேன்" என்பது அதற்கு நல்ல பதில். அதனால் "பஸ்ஸில்" விதத்தைக் காட்டும் வினையடை ஆகிவிடாது. ஆகவே "எப்படி" பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

## ஒரே சொல், வேறு வேறு வேலை

அந்தப் பெண்ணும் நானும் ஒரு காரியம் செய்தோம். அடிக்கோடிட்ட சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு அதைச் சுற்றியிருப்பதை மட்டும் மாற்றிப் பார்த்தோம். முதலில் "தரையைச் சுத்தமாகத் துடைத்தாள்" என்று எழுதினாள். இது விதமா? "மெதுவாகத் துடைத்தாள்" என்பதோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். மெதுவாகத் துடைத்தால் மெதுவாக இருந்தது துடைக்கும் செயல். சுத்தமாகத் துடைத்தாலோ, துடைத்து முடித்த பிறகு சுத்தமாக இருப்பது தரை. முன்னது செயல் நடந்த முறையைச் சொல்கிறது, பின்னது செயலின் முடிவில் கிடைத்த நிலையைச் சொல்கிறது. "பொடியாக நறுக்கினாள்", "நேராக நிமிர்த்தினான்" எல்லாம் இந்த இரண்டாம் வகைதான். பள்ளித் தாளில் முடிவுநிலைக்கு என்று தனிப் பெட்டி கிடையாது; விதத்தில் சேர்ப்பதில் எனக்கு மறுப்பும் இல்லை. நன்றாகத் துடைக்கும் முறையில்தான் அந்த முடிவு கிடைக்கிறது என்று சொல்லலாம்.

அடுத்து "அறை சுத்தமாக இருக்கிறது." இங்கே "எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அடிக்கோடிட்ட சொல்லை எடுத்துவிட்டுப் படித்தால் "அறை இருக்கிறது" என்று நிற்கும். அது வேறு செய்தி. வினையடை என்பது எடுத்தாலும் வாக்கியத்தின் அடிச் செய்தி நிற்கும்படி இருக்க வேண்டும். "மெதுவாக நடந்தார்" என்பதில் மெதுவை எடுத்தாலும் அவர் நடந்தது நடந்ததுதான். "அறை சுத்தமாக இருக்கிறது" என்பதில் சொல்ல வந்த செய்தியே "சுத்தம்" என்பதுதான். "இருக்கிறது" அதைத் தாங்கி நிற்கிறது. "அவன் உயரமாக இருக்கிறான்", "குழம்பு காரமாக இருக்கிறது" ஆகியவையும் இப்படியே. இருத்தலில் உயரமான விதம் என்று ஒன்று கிடையாது. இந்த வாக்கியங்களைக் கொடுத்து வினையடையின் வகையைக் கேட்பதே பொருத்தமில்லை என்பது என் உறுதியான கருத்து. "மருத்துவராகப் பணியாற்றுகிறார்" என்பதில் வரும் "ஆக" இன்னொரு வேலை செய்கிறது. அது ஒருவர் வகிக்கும் பொறுப்பைச் சொல்கிறது. இதற்கும் "விதம்" என்று விடை எழுதிய பயிற்சித் தாள்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது தேர்வில் வந்த வாக்கியம். மறந்த செயல் சுத்தமான முறையில் நடக்கவில்லை. மறந்து முடித்த பிறகு வீட்டுப்பாடம் சுத்தமாகவும் ஆகவில்லை. எடுத்துவிட்டால் "வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டான்" என்று செய்தி நிற்கிறது. ஆகவே இது வினையடைதான். இங்கே அது என்ன சேர்க்கிறது? மறதி எந்த எல்லைவரை போயிற்று என்பதைச் சேர்க்கிறது. இலேசாக நினைவிருந்ததா, பாதி நினைவிருந்ததா, ஒன்றுமே இல்லையா என்ற அளவுகோலில் கடைசிக் கோட்டைத் தொடுகிறது. அந்த இடத்தில் "முழுவதும்" என்றோ "அடியோடு" என்றோ போட்டால் பொருள் மாறாது. "தூய்மையாக" என்று போட்டால் வாக்கியம் உடைந்துவிடும். துடைத்தாள் என்ற வாக்கியத்தில் இதற்கு நேர்மாறு: அங்கே "தூய்மையாக" பொருந்தும், "அடியோடு" பொருந்தாது. மாற்றுச் சொல்லைப் போட்டுப் பார்க்கும் இந்தச் சோதனை கேள்விச் சோதனையைவிட நம்பகமானது. ஏனென்றால் கேள்வி வாக்கியத்துக்கு வெளியே நின்று கேட்கிறது. மாற்றுச் சொல் அந்தச் சொல் இருந்த இடத்திலேயே போய் உட்கார வேண்டியிருக்கிறது.

இன்னொரு சோதனையும் வைத்தோம். அடிக்கோடிட்ட சொல்லுக்கு முன்னால் "மிக" என்று சேர்ப்பது. "தரையை மிகச் சுத்தமாகத் துடைத்தாள்" என்று சொல்லலாம். "வீட்டுப்பாடத்தை மிகச் சுத்தமாக மறந்துவிட்டான்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏற்கெனவே எல்லையைத் தொட்டுவிட்ட அளவுச் சொல்லின் மேல் இன்னொரு அளவுச் சொல் ஏறாது. அந்தப் பெண்ணுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடித்துவிட்டது.

## சர்க்கரை சுத்தமாக இல்லை

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் எண்ணத்தை மாற்றியது. அதுவரை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இது: அடிக்கோடிட்ட சொல்லிலிருந்து அது எந்தச் சொல்லைத் தழுவுகிறதோ அதற்கு ஓர் அம்பு வரை, அம்பு போய்ச் சேரும் வினையைப் பார், பிறகு வகையைத் தீர்மானி. துடைத்தாள் என்றால் விதம், மறந்தான் என்றால் அளவு. வினை தெரிந்தால் வகை தெரியும் என்று நினைத்தேன். ஒரு நாள் அவள் ஒரு வாக்கியத்தோடு வந்தாள். அவளுடைய அம்மா மளிகைக் கடைக்குத் தொலைபேசியில் சொன்னாராம்: "சர்க்கரை சுத்தமாக இல்லை." கடைக்காரர், போன வாரம் அனுப்பிய சர்க்கரையில் தூசு இருந்தது என்று குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தாராம். அம்மா சொன்னதோ, வீட்டில் சர்க்கரை ஒரு சிட்டிகைகூட இல்லை, உடனே அனுப்புங்கள் என்று.

ஒரே எழுவாய், ஒரே பயனிலை, நடுவில் ஒரே சொல். அம்பு இரண்டு முறையும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. ஆனாலும் பொருள் இரண்டு. கடைக்காரர் கேட்ட வாக்கியத்தில் "சுத்தமாக இருக்கிறது" என்பது ஒரே பொட்டலம். "இல்லை" அந்தப் பொட்டலத்தை மறுக்கிறது. அம்மா சொன்ன வாக்கியத்தில் "இல்லை" முதலில் சர்க்கரையின் இருப்பை மறுக்கிறது. அந்த இல்லாமை எவ்வளவு என்பதைப் பிறகு "சுத்தமாக" அளக்கிறது. அங்கே மறுப்புக்குள் அடங்கியிருக்கும் சொல் இங்கே மறுப்பை வெளியிலிருந்து அளக்கிறது.

இதைப் பிரித்துக் காட்ட ஒரு வழி உண்டு: மறுப்பை எடுத்துவிட்டு உடன்பாடாக்குவது. "அறை சுத்தமாக இல்லை" என்பதைத் திருப்பினால் "அறை சுத்தமாக இருக்கிறது" என்று வரும். சொல்லின் பொருள் அப்படியே இருக்கிறது. "கையில் காசு சுத்தமாக இல்லை" என்பதைத் திருப்பி "கையில் காசு சுத்தமாக இருக்கிறது" என்றால் நாம் நினைத்த பொருள் காணாமல் போய்விடுகிறது. அளவைக் குறிக்கும் "சுத்தமாக" எதிர்மறையோடும், மறத்தல், தீர்தல், நின்றுபோதல் போல இல்லாமையில் போய் முடியும் வினைகளோடும்தான் இயல்பாகச் சேர்கிறது. "அரிசி சுத்தமாகத் தீர்ந்துவிட்டது", "எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை." யாரும் "எனக்கு அது சுத்தமாகப் பிடித்திருக்கிறது" என்று சொல்வதில்லை. "அறவே" என்ற சொல்லும் இதே குடும்பம்: அறவே இல்லை, அறவே மறந்தான், அறவே ஒழித்தான் என்று வரும், அறவே வந்தான் என்று வராது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அளவு என்ற பெட்டி மற்ற மூன்று பெட்டிகளோடு ஒரே வரிசையில் வைக்கத்தக்கது அல்ல. விதமும் இடமும் காலமும் நிகழ்ச்சியைப் பற்றியவை: நடந்தது எப்படி, எங்கே, எப்போது. அளவுச் சொல்லுக்கு நிகழ்ச்சி தேவையே இல்லை. ஏற்றி இறக்கக்கூடிய எதன் மேலும் அது போய் உட்காரும். "மிக மெதுவாக நடந்தார்" என்பதில் "மிக" தழுவுவது நடையை அல்ல, மெதுவை. "மிகப் பெரிய வீடு" என்பதில் அது பெயரடையின் மேல் நிற்கிறது. "சற்று மேலே பார்" என்பதில் இடச் சொல்லையே அளக்கிறது. ஆகவே அம்பு வினைக்குப் போகாமல் இன்னொரு அடைக்குப் போனால், பட்டியலைப் பார்க்காமலேயே "அளவு" என்று எழுதலாம். பிள்ளைகளுக்கு இதைவிட எளிய, தவறாத குறிப்பு வேறு எனக்குத் தெரியாது.

பழைய இலக்கணக்காரர்கள் இந்தச் சொற்களை ஒரே கூடையில் போடவில்லை என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. உறு, தவ, நனி மூன்றும் மிகுதிப் பொருள் தருவன என்று தொல்காப்பியம் உரியியலில் வைக்கிறது. நன்னூல் அவற்றோடு சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து ஆறாகச் சொல்கிறது. உரிச்சொல் பெயரையும் தழுவும், வினையையும் தழுவும் என்பதால் அந்த இடம் அவற்றுக்குப் பொருத்தமாக இருந்தது: உறுபசி என்று பெயரோடும், சாலச் சிறந்தது என்று வினையோடும் வருகின்றன. நேற்று, நாளை போன்றவை காலப் பெயர்கள். அதனால்தான் "நேற்றிலிருந்து", "நாளைக்கு" என்று அவை உருபு ஏற்கின்றன. "மெல்லப் பேசினான்" என்பதில் மெல்ல என்பது குறிப்பு வினையெச்சம். பொருளால் நான்கு வகை என்று நாம் இன்று பிரிப்பது இந்த வடிவப் பிரிவுகளுக்குக் குறுக்கே போடும் கோடு. அந்தக் கோடு தேவை, பயனுள்ளது. ஆனால் பொருளால் பிரிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, "ஆக" என்ற வடிவத்தைப் பார்த்து விடை எழுதினால் முரண்பாடுதான் மிஞ்சும்.

## கோட்டை எங்கே போடுவது

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியை ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஒரே விடை வேண்டும் அம்மா. வகுப்பு முழுவதும் உட்கார்ந்து விவாதிக்க முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயம். ஒரே விடை வேண்டும் என்பதால்தான் வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"சீக்கிரம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "சீக்கிரம் சாப்பிடு" என்றால் வேகமாகச் சாப்பிடு என்றும் ஆகும், தாமதிக்காமல் இப்போதே சாப்பிடு என்றும் ஆகும். முன்னது விதம், பின்னது காலம். தாளில் இப்படியே கேட்டால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் தர வேண்டும். "பால் வாங்குவதற்காக விடியற்காலையில் சீக்கிரம் எழுந்தாள்" என்று கேட்டால் காலம் மட்டுமே மிஞ்சும். எழுவதில் வேகம் பார்க்க யாரும் போவதில்லை. "அவர் எனக்கு முன்னால் வந்தார்" என்பதும் இப்படித்தான். வரிசையில் முன்னால் நடந்து வந்தாரா, நேரத்தில் முந்தி வந்தாரா? "நின்றார்" என்று மாற்றினால் இடம். "ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்" என்று மாற்றினால் காலம். இந்த வாக்கியத்தில் இன்னொரு குறையும் உண்டு. "முன்னால்" என்பதன் கீழ் மட்டும் கோடு போடுவது சரியல்ல. "எனக்கு முன்னால்" என்ற இரண்டு சொல்லும் சேர்ந்துதான் ஒரே வேலை செய்கின்றன. கோடு எவ்வளவு நீளம் என்பதும் விடையை மாற்றும். "மிக வேகமாக ஓடினான்" என்பதில் "மிக" கீழே மட்டும் கோடு போட்டால் அளவு. "மிக வேகமாக" என்று முழுவதும் போட்டால் விதம்.

"கொஞ்சம்" என்ற சொல்லை மட்டும் எந்தத் தாளிலும் போட வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். "கொஞ்சம் தள்ளி நின்றான்" என்பதில் அது அளவு. அதில் சிக்கல் இல்லை. "கொஞ்சம் சாப்பிட்டான்" என்பதில் சாப்பிட்டதன் அளவா, சாப்பிடப்பட்ட பொருளா என்று பிரிப்பது கடினம்; "கொஞ்சம் சாதம்" என்பதில் சாதம் விடுபட்ட வடிவமாகவும் அதைப் படிக்கலாம். "கொஞ்சம் இங்கே வாருங்கள்" என்பதிலோ அளவே இல்லை. வருவதில் குறைவாக வருவது என்று ஒன்று கிடையாது. கட்டளையின் முனையை மழுக்கி வேண்டுகோளாக்குவதற்காக மட்டும் அந்தச் சொல் வந்திருக்கிறது. நான்கு பெட்டிகளில் எதிலும் அது அடங்காது. தாளில் வந்தால் பிள்ளைகள் "அளவு" என்று எழுதுவார்கள், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று வீட்டில் நாள்தோறும் கேட்டு அறிந்திருக்கும் பிள்ளைக்கு, தனக்குத் தெரிந்ததைத் தாளில் எழுத இடமில்லாமல் போகிறது. எனக்கு அதுதான் வலிக்கிறது.

அந்த ஆசிரியை அடுத்த தாளிலிருந்து வினையடைக் கேள்வியில் ஒரு சிறு மாற்றம் செய்வதாகச் சொன்னார். ஒரே சொல்லை இரண்டு வாக்கியங்களில் அடிக்கோடிட்டுத் தந்து, இரண்டிலும் வகை கேட்பது. அதற்காக எதிர்வீட்டுப் பெண் "நன்றாக" என்ற சொல்லை எடுத்து வாக்கியங்கள் எழுதித் தந்தாள். "நன்றாகப் பாடினாள்" விதம். "இனிமையாக" என்று மாற்றிப் போடலாம். "மழையில் நன்றாக நனைந்துவிட்டாள்" அளவு. "முழுவதும்" என்று மாற்றிப் போடலாம், "இனிமையாக" வராது. "எனக்கு அவரை நன்றாகத் தெரியும்" என்பதும் அளவுதான். ஆனால் இங்கே அவளுக்குப் பிடித்த "மிக" சோதனை கைகொடுக்கவில்லை. "மிக நன்றாகத் தெரியும்" என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆகவே "மிக" ஏறவில்லை என்றால் அந்தச் சொல் விதம் அல்ல என்று கொள்ளலாம். ஏறியது என்பதால் மட்டும் விதம் என்று சொல்ல முடியாது. மாற்றுச் சொல்லைப் போட்டுப் பார்த்த பிறகுதான் முடிவு.

அவள் எழுதிய கடைசி வாக்கியம் "குழந்தை நன்றாகத் தூங்கியது." நிம்மதியாகத் தூங்கியது என்று மாற்றினாலும் பொருந்துகிறது, ஆழ்ந்து நெடுநேரம் தூங்கியது என்று மாற்றினாலும் பொருந்துகிறது. தூக்கத்தில் தரமும் அளவும் பிரியாமல் இருக்கின்றன என்பது என் எண்ணம். அதனால் இதைத் தாளில் போட வேண்டாம் என்றேன். அவள் ஒப்பவில்லை. குழந்தை அரை மணி நேரமே தூங்கினாலும் அழாமல் தூங்கினால் "நன்றாகத் தூங்கியது" என்றுதான் அவளுடைய பாட்டி சொல்வாராம். ஆகவே விதம்தான் என்கிறாள். பாட்டியின் வாக்கியத்துக்கு எதிராக எடுத்துவைக்க இதுவரை என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை.